ஹம்பேர்க்கை விட்டுக்கொடுத்த கதை

மல்லாகம் நீதிமன்றத்தை நம்பித் தொழில் செய்கிற சட்டத்தரணியிடம் பெரும்பாலும் வருவது பாகப்பிரிவினை, வழிப்பாதைத் தகராறு, சீதனக் காணி, திரும்பிய காசோலை. 2022இல், பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டு கிடந்த நாட்களில், என் மேசைக்கு வந்த கோவை இவற்றில் எதிலும் சேராது. உடுவிலில் மிளகாய்த்தூளும் வறுத்த சரக்குத்தூளும் அரைத்துப் பொதி செய்கிற ஒரு சிறிய நிறுவனத்தின் ஒப்பந்த வரைவு அது. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் ரீச்சர், எனக்கும் ரீச்சர்தான். வாங்க முன்வந்தது ஹம்பேர்க்கில் இருக்கும் ஓர் இறக்குமதி நிறுவனம். ரூபாய் விழுந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் யூரோவில் காசு வரும் என்றால் எவரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்திருப்பார்கள். ரீச்சர் வைக்கவில்லை. வரைவின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பந்திகளுக்குச் சிவப்பு மையால் கீழ்க்கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, விலையெல்லாம் சரி. உந்த ரண்டு பந்தியும்தான் பயமாக் கிடக்கு. எங்கட சட்டம், எங்கட கொழும்பு எண்டு மாத்தித் தாங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்."

ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பந்திகளின் பொருள் இதுதான்: இந்த ஒப்பந்தம் ஜேர்மன் சட்டத்தினால் ஆளப்படும். பிணக்குகள் நட்புறவான பேச்சினால் தீர்க்கப்படும். தீராதவிடத்து, ஹம்பேர்க் சர்வதேச வர்த்தக சபையின் விதிகளின்படி மூன்று நடுத்தீர்ப்பாளர்கள் அவற்றை இறுதியாகத் தீர்ப்பர். விசாரணை இரு தரப்புக்கும் வசதியான இடத்தில் நடைபெறலாம். ஹம்பேர்க் நீதிமன்றங்களுக்குத் தனி நியாயாதிக்கம் உண்டு.

ரீச்சர் பயந்தது 'ஜேர்மன்', 'ஹம்பேர்க்' என்ற இரண்டு சொற்களுக்கு. நான் பயந்தது வேறு இடங்களுக்கு.

முதலில் அந்தச் சபை. சர்வதேச வர்த்தக சபை என்றால் பாரிஸில் தலைமையகம் கொண்ட அமைப்பு. ஹம்பேர்க்கில் இருப்பது அந்த நகரத்தின் வர்த்தக சபை. இரண்டையும் கலந்து எழுதினால் உலகத்தில் இல்லாத ஒரு நிறுவனம் உருவாகிவிடுகிறது. இப்படி எழுதுவதனால் மட்டும் உடன்பாடு செல்லாமல் போய்விடுவதில்லை. 2013இல் சிங்கப்பூர் மேல் நீதிமன்றத்துக்கு எச்.கே.எல். குழுமத்துக்கும் ரிஸ்க் இன்டர்நஷனலுக்கும் இடையிலான வழக்கு வந்தது. மணல் வழங்கும் ஒப்பந்தம் அது. பிணக்குகளைச் சர்வதேச வர்த்தக சபை விதிகளின்படி 'சிங்கப்பூர் நடுத்தீர்ப்புக் குழு' தீர்க்கும் என்று எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு குழுவே இல்லை. தரப்பினர் நடுத்தீர்ப்பைத்தான் விரும்பினார்கள் என்பது தெளிவு, அந்த விருப்பத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைத்தது. சிங்கப்பூரில் உள்ள ஏதாவதொரு நடுத்தீர்ப்பு நிறுவனம் அந்த விதிகளின் கீழ் விசாரிக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. வாசகம் பிழைத்தது. ஆனால் மணலைப் பற்றி ஒரு சொல் பேசுவதற்கு முன்பே இரண்டு தரப்பும் வழக்கறிஞருக்குக் காசு கட்டியாயிற்று. மூவாயிரம் கிலோ மிளகாய்த்தூள் விற்கிறவருக்கு அந்தச் செலவே தோல்விதான்.

இரண்டாவது, ஒரே பந்தியில் நடுத்தீர்ப்பையும் 'தனி நியாயாதிக்க' நீதிமன்றத்தையும் சேர்த்து வைத்தது. இதனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மங்கஸ்து இம்பெக்ஸ் என்ற இந்திய நிறுவனம் 2016இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த எயர்விஷுவல் நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. சரக்கு, காற்றின் தரத்தை அளக்கும் கருவிகள். ஒரு பிரிவு இந்தியச் சட்டம், டில்லி நீதிமன்றங்களுக்கு நியாயாதிக்கம் என்றது. அடுத்த பிரிவு நடுத்தீர்ப்பின் இடம் ஹொங்கொங் என்றது. பிணக்கு வந்ததும் நடுத்தீர்ப்பாளரை நியமிக்கும்படி இந்திய நிறுவனம் டில்லியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மார்ச்சில் வந்த தீர்ப்பு, இடம் ஹொங்கொங் என்று எழுதியபின் டில்லியில் கேட்க முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டது. 2016இல் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவே 2020 ஆகியது.

நடுத்தீர்ப்பின் இடம் என்று சட்டம் சொல்வது என்ன என்பதை ரீச்சருக்கு விளங்கவைக்க நேரம் எடுத்தது. அவர் இணக்க சபையை மனதில் வைத்திருந்தார். உடுவில் பிரதேசத்து இணக்க சபை என்றால் உடுவிலுக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்து பேசுவது. ஹம்பேர்க் என்றால் ஹம்பேர்க்கில் போய் உட்காருவது. அப்படியல்ல. அந்த இடம் தீர்ப்புக்குச் சட்ட முகவரி மாதிரி. எந்த நாட்டு நடுத்தீர்ப்புச் சட்டம் நடைமுறையைக் கட்டுப்படுத்தும், தீர்ப்பைத் தள்ளிவைக்க எந்த நீதிமன்றத்தில் கேட்கலாம், தீர்ப்பு எந்த நாட்டுத் தீர்ப்பாகக் கணக்கிடப்படும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கின்றன. ஆட்கள் வேறிடத்தில் கூடலாம். காணொளியில் பேசலாம். ஆட்களே கூடாமல் காகிதங்களை வைத்தும் தீர்க்கலாம். வரைவில் இருந்த 'வசதியான இடம்' ஆட்கள் கூடுவதற்கான இடம் மட்டுமே. முகவரி அதில் எழுதப்படவே இல்லை.

"அப்ப முகவரிக்குக் கொழும்பு எண்டு போடுங்கோவன்" என்றார் ரீச்சர்.

கொழும்பில் இருக்கிற என் நண்பர் ஒருவரும் அதையே சொன்னார். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் நல்ல சட்டம், கொழும்பில் நடுத்தீர்ப்பு நிலையங்கள் இருக்கின்றன, சொந்த ஊரில் ஆடுவதுதான் புத்தி என்பது அவர் கட்சி. நான் உடன்படவில்லை. இன்றைக்கும் அவர் என் காரணத்தை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரீச்சருக்கு உண்மையில் எந்தப் பிணக்கு வரும்? சரக்கு போய்ச் சேர்ந்தபின் காசு வராது. அல்லது குறைத்து வரும். அப்போது வழக்காளி நாங்கள், காசு இருப்பது ஹம்பேர்க் வங்கிக் கணக்கில். கொழும்பில் தீர்ப்பு வாங்கினால் ஜேர்மனியில் அது வெளிநாட்டுத் தீர்ப்பு. இரண்டு நாடுகளும் 1958ஆம் ஆண்டின் நியூயோர்க் சமவாயத்தில் இருப்பதால் அங்கே அதை அமுலாக்கலாம், ஆனால் மறுப்பதற்கான வாதங்கள் எதிர்த்தரப்புக்குத் திறந்தே இருக்கும். ஹம்பேர்க்கையே இடமாக எழுதினால் அது அங்கே உள்நாட்டுத் தீர்ப்பு. கடன்காரனின் வீட்டு வாசலிலேயே பிறந்த தீர்ப்பு.

மறுபக்கமும் பார்த்தேன். அவர்கள் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினால் என்ன நடக்கும்? ரீச்சரின் நிறுவனம் வரையறுக்கப்பட்ட கம்பனி அல்ல, வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டுந்தான். கடன் வந்தால் அரைக்கும் மெஷினோடு நிற்காது, அவர் குடியிருக்கும் காணி வரைக்கும் போகும். அந்தத் தீர்ப்பு ஹம்பேர்க்கில் பிறந்ததாக இருந்தால் இலங்கையில் அது வெளிநாட்டுத் தீர்ப்பு. கொழும்பு மேல் நீதிமன்றத்துக்கு வந்துதான் அமுலாக்கக் கேட்க வேண்டும், அங்கே எங்கள் நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ் மறுப்புக் காரணங்களைச் சொல்ல எங்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. ஆக, ஹம்பேர்க் என்ற முகவரி எங்கள் கோரிக்கைக்குக் கிட்டவும் அவர்கள் கோரிக்கைக்கு எட்டவும் இருந்தது. ரீச்சருக்கு இது உடனே பிடிபட்டது. கணக்கு ஆசிரியை அல்லவா.

அடுத்தது சட்டம். ஜேர்மன் சட்டத்தை வெட்டி இலங்கைச் சட்டத்தைப் போடுவது எங்களுக்கு நல்லதா?

இலங்கையில் சரக்கு விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதில் தரம் பற்றிய உட்பொதிந்த 'நிபந்தனை' மீறப்பட்டால், சரக்கை ஏற்றுக்கொள்ளாத வாங்குபவர் முழுவதையும் நிராகரிக்கலாம். கடல் தாண்டிச் சரக்கு அனுப்புகிற சிறு விற்பனையாளருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. ஹம்பேர்க் துறைமுகத்தில் நிராகரிக்கப்பட்ட மிளகாய்த்தூளைத் திருப்பி எடுக்க ஆகும் கூலி அதன் விலையைத் தின்றுவிடும்.

ஜேர்மன் சட்டம் என்று மட்டும் எழுதினாலோ, கூடவே இன்னொன்று வந்து சேர்கிறது. 1980இல் வியன்னாவில் உருவான ஐக்கிய நாடுகளின் சர்வதேசப் பொருள் விற்பனைச் சமவாயம் 1991இலிருந்து ஜேர்மனியில் நடைமுறையில் இருக்கிறது. இலங்கை அதில் சேரவில்லை. ஆனாலும் பிணக்கு ஓர் உறுப்பு நாட்டுச் சட்டத்துக்கு வந்து நின்றால், வெவ்வேறு நாட்டு வியாபாரிகளுக்கு இடையிலான விற்பனைக்கு அந்தச் சமவாயம்தான் அந்த நாட்டுச் சட்டம். வேண்டாம் என்றால் விலக்கி எழுத வேண்டும். ஹம்பேர்க்காரர் விலக்கவில்லை. ஜேர்மன் வியாபாரிகள் வழக்கமாக விலக்குவார்கள், இவர்கள் பழைய படிவம் ஒன்றைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

அந்தச் சமவாயத்தில் விற்பவருக்குச் சார்பான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. குறை அடிப்படையான மீறலாக இருந்தாலன்றி வாங்குபவர் ஒப்பந்தத்தையே முறித்துச் சரக்கைத் தூக்கி எறிவது கடினம், விலையைக் குறைக்கக் கேட்கலாம். அத்துடன் 39ஆம் உறுப்புரையின்படி குறையைக் கண்டதும், அல்லது கண்டிருக்க வேண்டிய நேரத்திலிருந்து நியாயமான காலத்துக்குள், அது என்ன குறை என்று சொல்லி அறிவிக்காவிட்டால் அதை நம்பி எதையும் கேட்கும் உரிமை போய்விடும்.

மூன்றாவதாக ஒரு தீர்ப்பு. 1995 மார்ச் 8இல் ஜேர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் கொடுத்தது. சுவிஸ் விற்பனையாளர் ஒருவர் நியூசிலாந்துச் சிப்பிகளை ஜேர்மன் வாங்குபவருக்கு அனுப்பினார். கட்மியத்தின் அளவு ஜேர்மன் சுகாதார அதிகாரிகளின் வழிகாட்டி அளவைத் தாண்டியிருந்தது. வாங்குபவர் காசு கொடுக்க மறுத்தார். வாங்குபவர் நாட்டின் பொதுச் சட்ட அளவுகளை விற்பவர் பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தாலோ விசேட காரணம் இருந்தாலோ ஒழிய, என்று நீதிமன்றம் விற்பவர் பக்கம் தீர்த்தது. உணவுப்பொருள் ஏற்றுமதி செய்கிற எவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் ரீச்சரின் வரைவில் அந்தச் சிப்பித் தீர்ப்பு உதவாதபடி ஓர் இணைப்பு இருந்தது. 'சரக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அவ்வப்போது நடைமுறையில் உள்ள எல்லா உணவுச் சட்டங்களுக்கும் இணங்க வேண்டும்.' இந்த ஒரு வரி எல்லாப் பாரத்தையும் உடுவிலின் தலையில் தூக்கி வைக்கிறது. கடைசிப் பந்திகளில் எவ்வளவு போராடினாலும் இணைப்பில் தோற்றுவிடுவோம். என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. 'எல்லாச் சட்டங்களும்' என்பதை எடுத்துவிட்டு இலக்கங்களை எழுதக் கேட்டோம். மிளகாய்த்தூளில் மொத்த அஃப்லாடொக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதில் பி1 வகை 5 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவே அதுதான், ஆனால் எழுதிவிட்டால் நாளைக்கு அது மாறினாலும் எங்களுக்கு இதுதான் அளவு. அதோடு, ஏற்றுவதற்கு முன் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தில் பரிசோதனை, அதே மாதிரியிலிருந்து முத்திரையிட்ட பொதி ஒன்று ரீச்சரிடமும் ஒன்று வாங்குபவரிடமும் இருக்க வேண்டும் என்று சேர்த்தோம். அஃப்லாடொக்சின் சாக்குக்குச் சாக்கு வேறுபடும். ஓரிடத்தில் பூஞ்சை பிடித்த காய் நாலு விழுந்தால் அந்த மூலையில் அளவு ஏறி நிற்கும், பக்கத்து மூலையில் ஒன்றுமே இராது. எதை எடுத்துச் சோதித்தார்கள் என்பதுதான் வழக்கு.

ஹம்பேர்க்குக்கு நாங்கள் அனுப்பிய பதிலில் சட்டத்தையும் இடத்தையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்தோம். சட்டம் ஜேர்மன் சட்டமாகவே இருக்கட்டும். நடுத்தீர்ப்பின் இடம் ஹம்பேர்க் என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாத சபையை எடுத்துவிட்டு ஜேர்மன் நடுத்தீர்ப்பு நிறுவனத்தின் விதிகளைப் போடுங்கள். நீதிமன்றத் தனி நியாயாதிக்க வசனத்தை முழுதாக வெட்டுங்கள். மூவருக்குப் பதில் ஒருவர், ஏனென்றால் நடுத்தீர்ப்பாளர் கூலியைக் கடைசியில் கட்டப்போவது நாங்கள் இருவருந்தான். எண்ணிக்கையை எழுதாமல் விட்டாலும் ஜேர்மன் சட்டத்திலும் எங்கள் சட்டத்திலும் மூவர்தான் வருவர், ஆகவே 'ஒருவர்' என்று எழுதியே ஆக வேண்டும். மொழி ஆங்கிலம். 30,000 யூரோவுக்குக் குறைந்த பிணக்குகள் ஆவணங்களைக் கொண்டு மட்டும் தீர்க்கப்படும், நடுத்தீர்ப்பாளர் அவசியம் என்று கண்டால் காணொளி. 'நட்புறவான பேச்சுக்கு' 30 நாள் கெடு. கெடு இல்லாத பேச்சு என்றால், இன்னும் பேசி முடியவில்லை என்று சொல்லியே நடுத்தீர்ப்பைத் தடுக்கலாம்.

சட்டமும் இடமும் தங்களுக்கே கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் மற்ற எல்லாவற்றுக்கும் அவர்கள் ஒரு கிழமைக்குள் சம்மதித்தார்கள்.

காசு விஷயத்தில் மட்டும் இழுபறி. வரைவில் இருந்தது சரக்கு சேர்ந்து 60 நாளில் முழுக்காசு. ரீச்சரிடம் ஒளிக்காமல் சொன்னேன்: 13,500 யூரோச் சரக்குக்கு எந்த நடுத்தீர்ப்பு வாசகமும் பாதுகாப்பு இல்லை. பாரிஸ் சர்வதேச வர்த்தக சபையில் மனுத் தாக்கல் செய்யவே திருப்பித் தராத 5,000 டொலர். சிறிய தொகைக்கு உண்மையான பாதுகாப்பு, காசில் எவ்வளவு கப்பல் ஏறுமுன் கையில் இருக்கிறது என்பதுதான். கடைசியில் 40 வீதம் முன்பணம், 40 வீதம் கப்பல் பற்றுச்சீட்டின் பிரதி கிடைத்ததும், மிச்சம் 20 வீதம் சரக்குச் சேர்ந்து 30 நாளில் என்று முடிந்தது.

முதல் சரக்கு சிக்கலில்லாமல் போனது. இரண்டாவது சரக்குக்கு மிச்ச 20 வீதமான 2,700 யூரோ வரவில்லை. சேர்ந்து மூன்று மாதம் போனபின் மின்னஞ்சல் வந்தது: அஃப்லாடொக்சின் கூட, 2,700 கொடுக்க மாட்டோம், மேலும் 4,000 திருப்பித் தர வேண்டும். ஆய்வுகூட அறிக்கையை இணைத்திருந்தார்கள்.

நான் ரீச்சரிடம் முதலில் கேட்டது ஒன்றுதான். ஏற்றும்போது ஏதாவது தெரிந்திருந்ததா? சமவாயத்தின் 40ஆம் உறுப்புரை, குறையை அறிந்தும் சொல்லாமல் விட்ட விற்பனையாளர் கால தாமதத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்கிறது. அவர் கோபப்பட்டார். பிறகு கொழும்பு அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு அளவுகளும் எல்லைக்குள் இருந்தன.

அதன்பின் அவர்கள் அனுப்பிய அறிக்கையைப் பார்த்தோம். அதன் திகதி சரக்குச் சேர்ந்து இரண்டு கிழமைக்குள். அப்படியானால் குறை என்று சொல்வது அவர்களுக்கு அப்போதே தெரியும். அதன் பின்னும் இரண்டரை மாதம் மௌனம். சில்லறைக் கடைக்காரர் ஒருவர் சரக்கைத் திருப்பியபின்தான் கடிதம் எழுத நினைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அறிக்கையில் முத்திரையிட்ட மாதிரியின் இலக்கம் இல்லை. எந்தச் சாக்கிலிருந்து எடுத்தது என்றும் இல்லை.

நான் எழுதிய பதில் ஒன்றரைப் பக்கம். 38, 39ஆம் உறுப்புரைகள், அறிக்கையின் திகதி, மின்னஞ்சலின் திகதி, முத்திரையிட்ட பொதியைத் திறந்து இருவரும் ஏற்கும் ஆய்வுகூடத்தில் சோதிக்கலாம் என்ற அழைப்பு. 30 நாளில் தீராவிட்டால் ஹம்பேர்க்கை இடமாகக் கொண்டு தனி நடுத்தீர்ப்பாளர் முன் ஆவணங்களோடு போவோம் என்று முடித்தேன். பதில் எழுதியது அவர்களுடைய ஜேர்மன் சட்டத்தரணி. அவருக்குத் தன் நாட்டுத் தீர்ப்புகள் தெரியும். ஒரு மாதத்தைத் தாண்டிய அறிவித்தலை அங்குள்ள நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கும் என்றும் தெரியும். 4,000 கோரிக்கை மறைந்தது. 2,700இல் 2,200 வந்தது. மிச்சம் 500க்காக மல்லுக்கட்ட வேண்டாம் என்று ரீச்சரே சொல்லிவிட்டார். அடுத்த ஓடர் பெரியது.

அந்த அடுத்த ஒப்பந்தத்தில் 'ஜேர்மன் சட்டத்தினால் ஆளப்படும்' என்பதற்குப் பின்னால் சில புதிய சொற்கள் முளைத்திருந்தன: 'ஐக்கிய நாடுகள் விற்பனைச் சமவாயம் நீங்கலாக.' சமவாயம் போனாலும் ஜேர்மன் வணிகக் கோவையின் 377ஆம் பிரிவு இருக்கிறது. சரக்கைத் தாமதமின்றிப் பார்த்து, குறையை உடனே அறிவிக்க வேண்டும் என்று வாங்கும் வியாபாரியை அது இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. இழப்பது, முறிப்பதற்கு அடிப்படையான மீறல் வேண்டும் என்ற பாதுகாப்பு. அதற்கு ஒரு விலை கேட்கலாம் என்று ரீச்சரிடம் சொன்னேன். முன்பணத்தை 40இலிருந்து 50 வீதமாக்கினால் அந்தச் சொற்கள் இருக்கலாம் என்று எழுதினோம். 45இல் முடிந்தது.